கலவை வாயுக் கணக்கில் எந்த P-க்கு எந்த n?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். ஒரே ஒரு வாயு என்றால் PV = nRT-யில் போட்டு விடை எடுத்துவிடுகிறேன். இரண்டு வாயு கலந்திருக்கிறது, தண்ணீருக்கு மேல் சேகரித்தது என்றெல்லாம் வந்தால் எந்த அழுத்தத்தைப் போடுவது, எந்தக் கனஅளவைப் போடுவது என்று குழம்பிவிடுகிறது. R-க்கும் நாலைந்து மதிப்பு இருக்கிறது. பரீட்சையில் இந்தக் கணக்குகளை எப்படி அணுகுவது?

பதில்:

ஒரு கலனுக்குள் இரண்டு வாயுக்கள் கலந்திருந்தால், அவை கனஅளவைப் பங்கு பிரித்துக்கொள்வதில்லை. 10 லிட்டர் கலனில் ஆக்சிஜனும் ஹீலியமும் இருந்தால், ஆக்சிஜனுக்கும் 10 லிட்டர், ஹீலியத்துக்கும் அதே 10 லிட்டர். வெப்பநிலையும் இரண்டுக்கும் ஒன்றுதான். வாயுவுக்கு வாயு மாறுவது மோல் எண்ணிக்கை மட்டும்; அதனால் அழுத்தமும் மாறுகிறது. இதை அப்படியே எழுதினால்:

```
p(A) V = n(A) R T
p(B) V = n(B) R T
கூட்டினால்:  P V = [n(A) + n(B)] R T
வகுத்தால்:   p(A) = x(A) P
```

மூன்றாவது வரிதான் டால்டன் 1801-இல் சொன்ன பகுதி அழுத்த விதி. நான்காவது வரியில் x(A) என்பது A-யின் மோல் பின்னம். இவற்றைத் தனித்தனி சூத்திரங்களாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, எல்லாமே நல்லியல்பு வாயுச் சமன்பாட்டிலிருந்து இரண்டு வரியில் வந்துவிடும்.

உங்கள் குழப்பத்துக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. சமன்பாட்டின் இடப்பக்கம் போடும் அழுத்தமும் வலப்பக்கம் போடும் மோலும் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஒரு வாயுவின் பகுதி அழுத்தத்தைப் போட்டால் அந்த வாயுவின் மோல் கிடைக்கும். மொத்த அழுத்தத்தைப் போட்டால் மொத்த மோல் கிடைக்கும். V எப்போதுமே முழுக் கலனின் கனஅளவு. இந்த வகைக் கணக்குகளில் நடக்கும் தப்புகளில் பெரும்பாலானவை, மொத்த அழுத்தத்தைப் போட்டுவிட்டு வந்த n-ஐ ஒரு வாயுவுக்கு மட்டும் உரியதாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

முதலில் எளிய கணக்கு ஒன்று. 10 லிட்டர் கலனில் 27 டிகிரி செல்சியஸில் 8 கிராம் ஆக்சிஜனும் 2 கிராம் ஹீலியமும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பகுதி அழுத்தம் என்ன? இங்கே பலர் நேராக எடையின் விகிதத்தை எடுத்துவிடுகிறார்கள். பத்து கிராமில் எட்டு கிராம் ஆக்சிஜன், ஆகவே அழுத்தத்தில் எண்பது சதவீதம் ஆக்சிஜனுடையது என்று எழுதுவார்கள். அழுத்தத்துக்கு எடை தெரியாது, மோல்தான் தெரியும். ஆக்சிஜன் 8/32 = 0.25 மோல். ஹீலியம் 2/4 = 0.50 மோல். மொத்தம் 0.75 மோல்.

```
P = 0.75 × 0.0821 × 300 / 10 = 1.85 atm
p(O2) = (0.25/0.75) × 1.847 = 0.616 atm
p(He) = (0.50/0.75) × 1.847 = 1.23 atm
```

எடையில் ஆக்சிஜனின் நாலில் ஒரு பங்காக இருக்கும் ஹீலியம், அழுத்தத்தில் ஆக்சிஜனைப் போல இரண்டு மடங்கு. இடைப்பட்ட வரிகளில் ஓர் இலக்கம் கூடுதலாக வைத்துக்கொண்டு (1.847) கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

கேள்வியில் ‘கனஅளவில் 21 சதவீதம் ஆக்சிஜன்’ என்று இருந்தால் நிலைமை வேறு. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் வாயுக்களின் கனஅளவு மோலுக்கு நேர்விகிதம் என்பதால், அந்த 21 சதவீதம் மோல் பின்னம் 0.21 என்பதற்குச் சமம். நேராக மொத்த அழுத்தத்தால் பெருக்கிவிடலாம். ‘எடையில்’ என்று இருந்தால் மட்டும் மோலுக்கு மாற்றுங்கள். அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டு வைப்பது நல்லது.

இப்போது R. அதன் மதிப்பைத் தீர்மானிப்பது நீங்கள் போடும் அழுத்தத்தின் அலகும் கனஅளவின் அலகும்தான்.

```
R = 0.0821  L atm K⁻¹ mol⁻¹
R = 0.0831  L bar K⁻¹ mol⁻¹
R = 8.314   kPa L K⁻¹ mol⁻¹  =  8.314 Pa m³ K⁻¹ mol⁻¹
```

கடைசி வரியைக் கவனியுங்கள். அழுத்தம் கிலோபாஸ்கலில், கனஅளவு லிட்டரில் இருந்தால் எதையும் மாற்றாமலேயே 8.314 போடலாம். ஆனால் அழுத்தத்தைப் பாஸ்கலில் வைத்துக்கொண்டு கனஅளவை லிட்டரில் விட்டுவிட்டால் விடை ஆயிரம் மடங்கு தவறும். விடை சரியான அளவில்தான் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எண் போதும்: 27 டிகிரியில், ஓர் அட்மாஸ்பியர் அழுத்தத்தில், ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24.6 லிட்டர் இடம் எடுக்கும். மேலே உள்ள 0.75 மோலுக்கு சுமார் 18.5 லிட்டர் வேண்டும். அதைப் பத்து லிட்டரில் அடைத்திருப்பதால் அழுத்தம் 1.85 அட்மாஸ்பியர். விடை பொருந்துகிறது.

திட்ட வெப்பநிலை, திட்ட அழுத்தம் என்று மட்டும் கேள்வியில் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. பழைய வழக்கில் திட்ட அழுத்தம் 1 அட்மாஸ்பியர், மோலார் கனஅளவு 22.4 லிட்டர். 1982-க்குப் பிறகு சர்வதேச வேதியியல் அமைப்பின் பரிந்துரைப்படி அது 1 பார், மோலார் கனஅளவு 22.7 லிட்டர். கேள்வித்தாளில் அழுத்தத்தின் மதிப்பைக் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். கொடுக்காவிட்டால் எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

சில கணக்குகளில் R தேவையே இல்லை. 2 லிட்டர் குடுவையில் 2 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் நைட்ரஜன், 3 லிட்டர் குடுவையில் 1 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் ஆக்சிஜன், இரண்டையும் இணைக்கும் குழாயின் அடைப்பைத் திறக்கிறோம், வெப்பநிலை மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அழுத்தத்தையும் கூட்டி 3 என்று எழுதுவது தவறு. டால்டன் விதி கூட்டச் சொல்வது, ஒரே கனஅளவில் இருக்கும்போது உள்ள பகுதி அழுத்தங்களை. அடைப்பைத் திறந்ததும் ஒவ்வொரு வாயுவும் 5 லிட்டருக்குப் பரவுகிறது. நைட்ரஜனின் அழுத்தம் 2 × 2/5 = 0.8, ஆக்சிஜனின் அழுத்தம் 1 × 3/5 = 0.6, மொத்தம் 1.4 அட்மாஸ்பியர். விடை ஆரம்பத்தில் இருந்த இரண்டு அழுத்தங்களுக்கும் நடுவில் வர வேண்டும். வெளியே வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

சரி, நீங்கள் கேட்டதில் முக்கியமானதுக்கு வருவோம், தண்ணீருக்கு மேல் சேகரித்த வாயு. இந்த வகைக் கணக்கில் நல்லியல்பு வாயுச் சமன்பாடு, பகுதி அழுத்தம், சமன்படுத்திய வேதிச் சமன்பாடு மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். அதனால் ஒன்றை முழுமையாகவே போட்டுப் பார்ப்போம்.

0.0500 கிராம் மெக்னீசிய நாடாவைத் தேவைக்கு அதிகமான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். வெளியேறும் ஹைட்ரஜனைத் தண்ணீருக்கு மேல் சேகரித்தால் 51.8 மில்லிலிட்டர் கிடைக்கிறது. உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமம். வெப்பநிலை 27 டிகிரி, வளிமண்டல அழுத்தம் 750 மி.மீ பாதரசம், அந்த வெப்பநிலையில் நீரின் ஆவி அழுத்தம் 26.7 மி.மீ. நாடாவில் மெக்னீசியம் எத்தனை சதவீதம்? மாசு ஹைட்ரஜனைத் தராது என்று கொள்க.

குழாய்க்குள் இருப்பது ஹைட்ரஜன் மட்டும் இல்லை. கீழே தண்ணீர் இருப்பதால் நீராவியும் கலந்திருக்கிறது. நீர்மட்டம் சமம் என்பதால் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அந்த 750-இல் 26.7 நீராவியுடையது. மீதி ஹைட்ரஜனுடையது.

```
p(H2) = 750 − 26.7 = 723.3 mm Hg
      = 723.3/760 = 0.9517 atm
n(H2) = 0.9517 × 0.0518 / (0.0821 × 300)
      = 0.002002 mol
Mg + 2HCl → MgCl2 + H2
n(Mg) = n(H2) = 0.002002 mol
Mg நிறை = 0.002002 × 24.3 = 0.04864 g
தூய்மை = (0.04864/0.0500) × 100 = 97.3 %
```

இதே கணக்கில் நீராவியைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 750 மி.மீ-ஐ அப்படியே ஹைட்ரஜனுக்குக் கொடுத்தால் மோல் 0.002075 வரும், மெக்னீசியம் 0.0504 கிராம் வரும், தூய்மை 100.9 சதவீதம் வரும். எடுத்த நாடாவைவிட அதிக மெக்னீசியம் அதற்குள் இருக்க முடியாது. தூய்மைக் கணக்கில் நூறைத் தாண்டினால், முதலில் ஆவி அழுத்தத்தைக் கழித்தீர்களா என்று பாருங்கள். 300-க்குப் பதில் 27 போட்டிருந்தால் விடை பதினொரு மடங்கு பெரிதாக, ஆயிரம் சதவீதத்துக்கு மேல் போகும். அது உடனே கண்ணில் படும். ஆவி அழுத்தத்தை மறந்தால் மூன்று, நாலு சதவீதம்தான் மாறுகிறது. தூய்மை கேட்காமல் வெறும் நிறை மட்டும் கேட்டிருந்தால், அந்தத் தப்பை விடையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் கேள்வியில் ‘தண்ணீருக்கு மேல்’ என்ற சொற்களைப் பார்த்தவுடனே, வேறு எதையும் தொடும் முன், கழித்தல் வரியை எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு.

கழிக்கும்போது இரண்டு அழுத்தமும் ஒரே அலகில் இருக்கட்டும். 750-ஐ 0.987 அட்மாஸ்பியராக மாற்றிவிட்டு அதிலிருந்து 26.7-ஐக் கழிக்க முயன்று திணறுபவர்கள் உண்டு. மி.மீ-இல் கழித்துவிட்டு அப்புறம் மாற்றுவது எளிது.

ஆவி அழுத்தம் கலனின் அளவைப் பொறுத்ததல்ல, மேலே இருக்கும் வாயு எது என்பதையும் பொறுத்ததல்ல. வெப்பநிலையை மட்டும் பொறுத்தது. 20 டிகிரியில் 17.5 மி.மீ, 27-இல் 26.7, 30-இல் 31.8, 100 டிகிரியில் 760. கேள்வியில் இந்த மதிப்பைக் கொடுத்துவிடுவார்கள். சிலர் அட்டவணையாகக் கொடுத்து, நீங்கள் சரியான வெப்பநிலையின் வரியைத் தேர்ந்தெடுக்கிறீர்களா என்று பார்ப்பார்கள்.

‘நீர்மட்டம் சமம்’ என்பதும் சும்மா எழுதிய வரி இல்லை. குழாய்க்குள் நீர் வெளியே இருப்பதைவிட உயர்ந்து நின்றால், உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால், 136 மி.மீ உயர நீர்த்தம்பம் 10 மி.மீ பாதரசத்துக்குச் சமம். மேலே உள்ள கணக்கில் நீர் அந்த அளவு உயர்ந்து நின்றிருந்தால் உள்ளே மொத்த அழுத்தம் 740 மி.மீ, அதிலிருந்துதான் 26.7-ஐக் கழிக்க வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக வரும் ஒரு கேள்வியில் நன்றாகப் படிப்பவர்களே வழுக்குகிறார்கள். தண்ணீரோடு தொடர்பில் இருக்கும் ஈரமான வாயுவின் மொத்த அழுத்தம் 750 மி.மீ, வெப்பநிலை 27 டிகிரி. வெப்பநிலையை மாற்றாமல் வாயுவின் கனஅளவைப் பாதியாக்கினால் மொத்த அழுத்தம் என்ன? பாயில் விதிப்படி 1500 என்று எழுதத் தோன்றும். பாயில் விதிக்கு மோல் எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டும். உலர் வாயுவுக்கு அது மாறவில்லை, ஆகவே 723.3 என்பது 1446.6 ஆகும். நீராவியோ அமுக்க அமுக்கத் தண்ணீராக மாறி இறங்கிவிடும். அதன் அழுத்தம் 26.7-இலேயே நிற்கும். மொத்தம் 1473.3 மி.மீ. நீராவி என்ற ஒரு பகுதிக்கு மட்டும் n நிலையானது இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, வாயுக்கள் ஒன்றோடொன்று வினைபுரியும் கலவை. வினைபுரியாத வாயுக்களுக்குத்தான் டால்டன் விதி பொருந்தும் என்று புத்தகத்தில் இருக்கும். ‘அப்படியானால் வினை நடக்கும் கணக்கில் பகுதி அழுத்தத்தைத் தொடவே கூடாதா’ என்று சிலர் கேட்பதுண்டு. தொடலாம். வினை முடிந்த பிறகு எது மிச்சம் என்று கண்டுபிடித்து, அந்த மிச்சக் கலவைக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மூடிய கலனில் 120 டிகிரியில் ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் 0.6, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.5 அட்மாஸ்பியர். மின்பொறி செலுத்தி வினை முழுமையாக முடிந்தபின் கலன் மீண்டும் 120 டிகிரிக்கு வருகிறது. V, T இரண்டும் மாறாததால் பகுதி அழுத்தம் மோலுக்கு நேர்விகிதம். ஆகவே மோலுக்கு மாற்றாமல் அழுத்தத்திலேயே கணக்குப் போடலாம்.

```
            2H2   +   O2   →   2H2O
முன்பு       0.6       0.5        0
மாற்றம்     −0.6      −0.3      +0.6
பின்பு        0        0.2       0.6     மொத்தம் 0.8 atm
```

120 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 2 அட்மாஸ்பியர். உண்டான நீராவி அதைவிடக் குறைவு என்பதால் முழுவதும் ஆவியாகவே இருக்கும், 0.8 சரியான விடை. இதே கலனை 27 டிகிரிக்குக் குளிரவைத்தால் மொத்தம் எவ்வளவு? 0.8-ஐ அப்படியே 300/393-ஆல் பெருக்கிவிடக் கூடாது. நீராவி முழுவதும் வாயுவாகவே இருந்தால் அதன் அழுத்தம் 0.6 × 300/393 = 0.458 அட்மாஸ்பியர், அதாவது 348 மி.மீ இருக்க வேண்டும். 27 டிகிரியில் 26.7-க்கு மேல் நீராவி நிற்காது; மீதி தண்ணீராகிவிடும். ஆக்சிஜனுக்கு மட்டும் வெப்பநிலை விகிதத்தைப் போட்டால் 0.2 × 300/393 = 0.1527 அட்மாஸ்பியர், அதாவது 116 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 142.7 மி.மீ, ஏறத்தாழ 0.19 அட்மாஸ்பியர். கேள்வியில் நீரின் ஆவி அழுத்தத்தைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தால் 116 மி.மீ மட்டும் எழுதுங்கள். ஆவி அழுத்தத்தின் மதிப்பு கொடுத்திருந்தால் அதைச் சேர்த்தே எழுத வேண்டும்.